முதல் பரிசோதனை என் காதுக்கு

ஆடியோமீட்டர் கெட்டுப்போனால் பெரும்பாலும் நின்றுபோவதில்லை. விளக்கு எரியும், திரையில் எண்கள் மாறும், நோயாளி பட்டனை அழுத்துவார், கடைசியில் ஓர் ஆடியோகிராமும் கைக்கு வந்துவிடும். அந்தக் கோடு இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு கட்டம் கீழே இறங்கியிருப்பதைக் காகிதம் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் வேங்கிக்காலில் என் அறையைத் திறந்து, கருவியைப் போட்டுப் பத்து நிமிடம் சூடேறவிட்டதும், ஹெட்போனை முதலில் நானே மாட்டிக்கொள்கிறேன்.

மாட்டுவதற்கு முன் கை பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நம் ஊரில் தேங்காய் எண்ணெய் வைக்காத தலை குறைவு. எண்ணெயும் வியர்வையும் ஏறி ஏறி ஹெட்போனின் ரப்பர் மெத்தை இறுகிவிடும், ஓரத்தில் வெடிப்பு விடும். இறுகிய மெத்தை காதோடு ஒட்டி உட்காராது. இடுக்கு வழியாக முதலில் வெளியேறுவது தாழ்ந்த சுருதிகள்தான். 250, 500 ஹெர்ட்ஸில் கேட்கும் திறன் குறைந்ததுபோல ஆடியோகிராம் வரும். காதில் ஒரு கோளாறும் இருக்காது. கம்மல், ஜிமிக்கி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதும் இதற்காகத்தான். தலைப்பட்டையின் இறுக்கமும் முக்கியம். அளவு எடுக்கும் விதிகள் சுமார் 4.5 நியூட்டன் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. பெரிய தலைகளில் மாட்டி மாட்டி விரிந்துபோன பட்டை அந்த அழுத்தத்தைத் தராது.

அதன்பின் சத்தம். 60 டெசிபலில் வைத்து, எல்லா அலைவரிசைகளையும் வலது காதில் ஒரு சுற்று, இடது காதில் ஒரு சுற்று கேட்கிறேன். சுருதி சுத்தமாக இருக்கிறதா, கரகரக்கிறதா, தொடங்கும்போதும் நிற்கும்போதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் சேர்ந்து வருகிறதா என்பதுதான் கவனம். அந்த ‘டிக்’ சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கூர்மையான பையன் ஒருவன் சுருதி கேட்காமலே அதைக் கேட்டுப் பட்டனை அழுத்திவிடுவான். அடுத்து கேபிளைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன்: கருவியில் சொருகும் ஜாக்கின் பக்கத்தில் ஒருமுறை, காதுக்கு மேலே நுழையும் இடத்தில் ஒருமுறை. கேபிள் உடைவது அநேகமாக இந்த இரண்டு இடங்களில்தான். பிறகு சத்தத்தை 5, 5 டெசிபலாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரே அளவில் இறங்குவதாகக் காதுக்குத் தெரிய வேண்டும். ஒரு படியில் மாறாமல் நின்று அடுத்த படியில் இரண்டு மடங்கு விழுந்தால் உள்ளே பழுது. இடது காதுக்கு அனுப்பிய சத்தம் வலது பக்கம் கசிகிறதா என்று பார்க்க, இடது ஜாக்கைப் பிடுங்கிவிட்டு வலது பக்கம் காது கொடுக்கிறேன். அங்கே ஒன்றும் கேட்கக்கூடாது.

இவ்வளவும் கருவி ஒழுங்காக ஒலிக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். சரியான அளவில் ஒலிக்கிறதா என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் என் காதின் பழைய ஆடியோகிராம். கேலிப்ரேஷன் முடிந்த கையோடு வேறொருவர் எடுத்துத் தந்த ஆடியோகிராம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காலையில் நான் கேட்கும் மிக மெல்லிய அளவு அதிலிருந்து 5 டெசிபல் தள்ளியிருந்தால் கவலையில்லை. ஒரே காதை ஒரே நாளில் இரண்டு முறை பார்த்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரும். 10 டெசிபல் தள்ளினால் அன்று அந்தக் கருவியில் யாரையும் உட்கார வைப்பதில்லை. (எனக்குச் சளி பிடித்திருந்தால் என் காதை நம்புவதற்கில்லை, உதவியாளரின் ஆடியோகிராமும் அதே இழுப்பறையில் இருப்பது அதற்காக.)

காதால் பிடிக்க முடியாதது, மெல்ல மெல்ல வரும் 3, 4 டெசிபல் நகர்வு. அதற்குத்தான் காலமுறை கேலிப்ரேஷன். ஐ.எஸ்.ஓ. 8253-1 தரநிலை தினசரிக் கேட்டுப்பார்த்தலை முதல் கட்டமாகவும், அளவுக் கருவிகளைக் கொண்டு சோதிப்பதை இரண்டாம் கட்டமாகவும் வைக்கிறது. இரண்டாம் கட்டத்தை ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போடக்கூடாது.

ஆடியோமீட்டரில் பூஜ்யம் என்றால் நிசப்தம் அல்ல. நல்ல காதுள்ள இளைஞர்கள் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு அது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் அது வேறு. டி.டி.எச்.-39 ஹெட்போனுக்கு 500 ஹெர்ட்ஸில் 11.5 டெசிபல், 1000ல் 7, 4000ல் 9.5. கேலிப்ரேஷன் செய்பவர் ஹெட்போனை 6 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள உலோகக் கப்ளரின் மேல் வைப்பார். காதுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே அடைபடும் காற்றின் இடத்தில் நிற்கிறது அந்தக் கப்ளர். மேலே அரைக் கிலோ அளவுக்கு எடை, அடியில் மைக்ரோபோன், பக்கத்தில் ஒலி அளவி. ஆடியோமீட்டரை 1000 ஹெர்ட்ஸ், 70 டெசிபலில் வைத்தால் அளவி 77 காட்ட வேண்டும், 4000ல் 79.5. அனுமதிக்கப்பட்ட பிசகு 4000 வரை 3 டெசிபல், அதற்கு மேலே 5.

அளவி 77க்குப் பதில் 73 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற பேச்சு அலைவரிசைகளிலும் அதே 4 குறைவு. கருவி 60 என்று காட்டும்போது காதுக்குப் போவது 56 மட்டுமே. உண்மையில் 54 டெசிபலில் கேட்கும் ஒருவருக்குச் சரியான கருவியில் 55 என்று குறிப்போம். இந்தக் கருவியில் அவருக்கு 55ல் கேட்காது. 60 போட்டால்தான் பட்டனை அழுத்துவார். கருவி 4 டெசிபல் கூடுதலாகக் கத்தினால் கதை தலைகீழ்: 58ல் கேட்பவர் 60க்குப் பதில் 55 வாங்கிக்கொண்டு போவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவரிசைகளில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் குறை கேட்புத்திறன் உடையவர் என்று வரையறுக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் வேங்கிக்காலிலேயே இருப்பதால், சான்றிதழ் விஷயமாக அலைந்துவிட்டு, ‘இங்கேயும் ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று வருபவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு எண் 55க்கும் 60க்கும் நடுவில்தான் ஊசலாடும்.

கேலிப்ரேஷன் முடிந்து ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நான் கேட்டு வாங்குவது, திருத்துவதற்கு முன் கருவி காட்டிய அளவுகளை. திருத்திய பிறகு எல்லாம் சரி என்ற தாளை வைத்துக்கொண்டு, போன மாதம் பார்த்தவர்களில் யாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று: கேலிப்ரேஷன் கருவிக்கு மட்டும் செய்யப்படுவதில்லை, அந்தக் கருவியோடு அந்த ஹெட்போனுக்கு. கேபிள் போய்விட்டது என்று வேறு கருவியின் ஹெட்போனைக் கழற்றிச் சொருகினால், ஜாக் பொருந்தும். ஸ்டிக்கரில் உள்ள தேதிக்குப் பொருள் இருக்காது. கீழே விழுந்த ஹெட்போனுக்கும் இதே விதி.

கருவி சரி, அறை சரியில்லையென்றால்? இங்கே கணக்கு வேறு மாதிரி. ஹெட்போன் மாட்டிய காது 0 டெசிபல் வரை கேட்க வேண்டுமானால், அறைச் சத்தம் 500 ஹெர்ட்ஸைச் சுற்றிய பட்டையில் 21 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை. 1000ல் 26, 2000ல் 34, 4000ல் 37. எலும்பு வழிச் சோதனையில் வைப்ரேட்டர் காதுக்குப் பின்னால் உட்காரும், காது திறந்தே இருக்கும். அப்போது வரம்புகள் 16, 13, 14, 11. இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹெட்போன் மெத்தை தடுக்கும் சத்தம். 4000ல் 26 டெசிபல் தடுக்கிற மெத்தை 500ல் வெறும் 5தான் தடுக்கிறது. பஸ் என்ஜினின் உறுமலும் ஜெனரேட்டரின் ரீங்காரமும் வந்து விழுவது அந்தத் தாழ்ந்த பக்கம்.

மெயின் ரோட்டைப் பார்த்த ஒரு சாதாரண அறை. 500ல் 46, 1000ல் 41, 2000ல் 36, 4000ல் 30 டெசிபல் சத்தம் என்று கொள்வோம். வரம்பை எவ்வளவு தாண்டுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு காது மூடிப்போகும். நல்ல காதுள்ள சிறுவன் ஹெட்போனில் 500ல் 25, 1000ல் 15, 2000ல் ஏறக்குறைய 0, 4000ல் 0 என்று தருவான். தாழ்ந்த பக்கம் குறைந்து மேலே தெளியும் இந்தக் கோடு, நடுச்செவியில் நீர் கோத்த பிள்ளையின் கோட்டைப் போலவே இருக்கும். மருந்து எழுதிவிடுவதும் எளிது. ஆனால் அதே அறையில் எலும்பு வழியும் பார்த்தால் 30, 28, 22, 19 என்று வரும். காற்று வழியை விட எலும்பு வழி மோசமாக இருக்கக் காதில் வழியில்லை. அப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டியது இரண்டை: அறையை, அல்லது வைப்ரேட்டரை. பிரித்தறிய ஒரு வழி உண்டு. 2000, 4000 ஹெர்ட்ஸில் மட்டும், காதுக்குள் பஞ்சு அடைப்பானை வைத்து மறுபடி பாருங்கள். அந்த உயர்ந்த சுருதிகளில் காதை அடைப்பதால் எலும்பு வழி தானாகக் கூடுவதில்லை. தாழ்ந்த சுருதிகளில் கூடிவிடும். அடைத்ததும் அளவு தெளிந்தால் குற்றவாளி அறை. தெளியாவிட்டால் வைப்ரேட்டரைக் கேலிப்ரேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

ஆக, கருவியின் பிசகு எல்லோரையும் ஒரே அளவில் நகர்த்தும். அறைச் சத்தம் நன்றாகக் கேட்பவரைத்தான் அதிகம் கெடுக்கும். 60 டெசிபல் இழப்புள்ள பெரியவருக்கு அந்த 46 டெசிபல் அறை ஒரு பொருட்டே அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம் போடும் வகுப்பறைகளை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

போனில் உள்ள சத்தம் அளக்கும் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். அது ஒரே எண்ணில், தாழ்ந்த சுருதிகளைக் குறைத்து மதிப்பிட்டுக் காட்டும். 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். பஸ் இருப்பது அங்கேதான். மலிவான அளவிகள் பல 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவதும் இல்லை. நல்ல அளவி கிடைக்கும்வரை, சாலை மிக இரைச்சலாக இருக்கும் நேரத்தில் நன்றாகக் கேட்கும் ஒருவரை உட்கார வைத்து 500 ஹெர்ட்ஸ் எடுப்பது உருப்படியான சோதனை. 10 டெசிபலில் அவருக்குக் கேட்காவிட்டால், அந்த நேரத்தில் அந்த அறை பிள்ளைகளுக்கு ஆகாது.

பௌர்ணமி அன்று கிரிவலத்துக்கு வரும் வண்டிகள் பிற்பகலிலிருந்தே வேங்கிக்கால் சாலையை நிறைத்துவிடும். கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் அப்படித்தான். அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு விடியற்காலை நேரம் தருகிறேன், செவிக்கருவி பொருத்தும் பெரியவர்களுக்குப் பகல். அவசரமாக வந்த குழந்தையைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தால் 1000, 2000, 4000 மட்டும் எடுத்துவிட்டு, 500க்கு நேரே எண் போடாமல் ‘அறைச் சத்தத்தால் எடுக்கவில்லை’ என்று எழுதி, மறு தேதியையும் கீழே குறித்துக் கொடுக்கிறேன்.