தொடாத இடம் ஏன் மாறுது?

பழைய போட்டோவில் கிழிந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதை மட்டும் நிரப்பச் சொல்லி இன்பெயின்டிங் ஓட விடுகிறோம். கிழிசல் போய்விடும். அடுத்தது மடிப்புக் கோடு, அதுக்கடுத்தது பூஞ்சணப் புள்ளி எண்டு ஒவ்வொன்றாய்ப் போவோம். ஏழெட்டு ஓட்டம் முடிந்த பிறகு முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. மாஸ்க் போடாத இடமும் மாறியிருக்கும். நிறம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், துணியின் நெசவு வழுவழுப்பாகியிருக்கும், முகம் "கிட்டத்தட்ட" அதே முகமாய் இருக்கும்.

இந்தக் "கிட்டத்தட்ட"தான் எங்களை இதுக்குள் இழுத்துவிட்டது. இடம்பெயர்ந்து போன வீடுகள் கனக்கவற்றில் அல்பம் மிஞ்சவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு படம்தான் இருக்கிறது, அதுவும் கறையோடு. எங்கட சிநேகிதி ஒருத்தியின் அம்மம்மாவுக்கும் அப்படித்தான், ஸ்ரூடியோவில் நின்றபடி எடுத்த ஒரேயொரு கருப்பு வெள்ளைப் படம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் அதை ஒன்பது ஓட்டத்தில் திருத்தி அனுப்பியிருந்தார். மடிப்பு இல்லை, புள்ளி இல்லை, சுத்தமான படம். சிநேகிதியின் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டா: "அம்மான்ர கன்னத்து மச்சம் எங்க?"

உறவினர் முகத்துக்கு மாஸ்க் போடவேயில்லை. அவர் வைத்திருந்த ஒன்பது மாஸ்க்கையும் வாங்கிப் பார்த்தோம். எல்லாம் சேலையிலும் பின்னால் இருந்த திரையிலும் மேல் மூலையிலும்தான் இருந்தன. அப்படியெண்டால் மச்சத்தை அழித்தது யார்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்தோம். இன்பெயின்டிங் எதுவும் செய்யாமல், படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷனின் சுருக்க வடிவத்துக்கு மாற்றி, உடனே திரும்பப் படமாக்கினோம். வந்த படத்தை மறுபடி உள்ளே கொடுத்தோம். இப்படிப் பத்துத் தரம். ComfyUI பாவிக்கிறவர்களுக்கு, `VAE Encode` உம் `VAE Decode` உம் மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

முதல் சுற்றில் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் கிம்ப் மென்பொருளில் இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக லேயர்களாய் வைத்து, மேல் லேயரின் மோடை `Difference` ஆக்கினோம். இரண்டும் ஒன்றாய் இருக்கும் இடம் முழுக் கறுப்பாய்த் தெரியும், மாறின இடம் வெளிச்சமாய்த் தெரியும். `Levels` இல் வெளிச்சத்தைக் கூட்டியபோது கண் இமை, சேலைக் கரை, கடதாசியின் சொரசொரப்பு எல்லாம் கோடு கோடாய் எழும்பி வந்தன. பத்தாவது சுற்றில் சோதனையே தேவைப்படவில்லை. சேலைக் கரையின் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சாம்பல் நிறம் மெல்ல மஞ்சள் பக்கம் போயிருந்தது. மச்சம் ஒரு மங்கலான நிழலாய் இருந்தது. யாரும் எதையும் நிரப்பச் சொல்லவில்லை. உள்ளே போய் வெளியே வந்ததே காணும்.

காரணம் இதுதான். இந்த மொடல் படத்தில் நேரடியாய் வேலை செய்வதில்லை. முதலில் வி.ஏ.ஈ. எண்ட ஒரு பகுதி படத்தைச் சுருக்குகிறது. 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு கட்டம், அதாவது 64 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிற எண்கள், மொத்தம் 192 எண்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 இலும் எஸ்.டி.எக்ஸ்.எல். இலும் அந்த இடத்துக்கு மிஞ்சுவது வெறும் 4 எண்கள். 48க்கு 1. திரும்பப் படமாக்கும்போது மற்றதை எல்லாம் வி.ஏ.ஈ. தான் பழகின படங்களை வைத்து ஊகித்துப் போடுகிறது. பெரிய வடிவங்களுக்கு ஊகம் நன்றாய்ப் பொருந்தும். சின்ன எழுத்து, சின்ன முகம், நெருக்கமான புள்ளி வேலைப்பாடு இவற்றில்தான் பிசகும். அடுத்த ஓட்டத்துக்கு அந்த ஊகமே "உண்மைப் படம்" ஆகிவிடுகிறது, அதன் மேல் இன்னொரு ஊகம் ஏறுகிறது. போட்டோக்கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுக்கிற கதைதான். நிறம் சாய்வதும் இப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் பிழை மிகச் சிறியது. ஆனால் அது ஒரே பக்கமாய்ப் போனால் கூடிக்கொண்டே போகும். எந்தப் பக்கம் எண்டது மொடலைப் பொறுத்தது.

மச்சத்துக்கும் இப்போது கணக்குச் சொல்லலாம். படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் 3.5 அங்குலம், 5 அங்குலப் படம் 2100க்கு 3000 பிக்சல் வரும். அதில் மச்சம் ஒரு 12 பிக்சல் அகலம். உறவினர் ஓட்டத்துக்காக முழுப் படத்தையும் 1024 பிக்சல் உயரத்துக்குச் சிறிதாக்கியிருந்தார். மச்சம் 4 பிக்சல் ஆகிவிட்டது. ஒரு 8 பிக்சல் கட்டத்தைக்கூட அது நிரப்பாது. ஒன்பது தரம் ஊகித்ததில் அது தோலோடு தோலாய்க் கரைந்துவிட்டது.

எஸ்.டி.3, ஃப்ளக்ஸ் போன்ற பிந்திய மொடல்கள் அதே கட்டத்துக்கு 16 எண்கள் வைத்திருக்கின்றன. இழப்பு குறையும், இல்லாமல் போகாது.

தீர்வு இரண்டு வரிதான். மொடல் தரும் முழுப் படத்தையும் எடுத்துக்கொள்ளாதீங்கோ, மாஸ்க்குக்குள் இருக்கிற துண்டை மட்டும் எடுத்து மூலத்தின் மேல் ஒட்டுங்கோ. அடுத்த ஓட்டத்துக்கு அந்த ஒட்டின படத்தைக் கொடுங்கோ, மொடல் தந்த படத்தை அல்ல.

AUTOMATIC1111 இல் இன்பெயின்ட் செய்தால் மாஸ்க்குக்கு வெளியே மூலப் படத்தை அதுவே திரும்ப வைத்துவிடும். ComfyUI இன் சாதாரண இணைப்பில் அப்படி நடப்பதில்லை. `VAE Decode` முழுப் படத்தையும் புதிதாய் வரைந்து தரும். அதன் பின்னால் `ImageCompositeMasked` ஐ நீங்கள்தான் வைக்க வேண்டும்.

நாங்கள் அந்தப் படத்தை மூல ஸ்கானிலிருந்து மறுபடி செய்த விதம் இப்படி. முதலில் ஸ்கானின் ஒரு பிரதியைக் கிறேஸ்கேலுக்கு மாற்றினோம். கருப்பு வெள்ளைப் படத்துக்கு நிறச் சாய்வு இந்த ஒரு படியோடு தீர்ந்துவிடும், ஏனெண்டால் பைலில் நிறத்துக்கு இடமே இல்லை. பழுப்பேறின நிற ஸ்கானைத் தனியாய்ப் பத்திரப்படுத்தினோம். அடுத்து, முழுப் படத்தையும் சிறிதாக்காமல், பழுது இருக்கிற இடத்தைச் சுற்றி 768க்கு 768 பிக்சல் சதுரமாய் வெட்டி எடுத்தோம். அந்தச் சதுரத்தை மட்டும் மொடலுக்குக் கொடுத்தோம். வந்த துண்டை அதே இடத்தில் ஒட்டினோம்:

```python
from PIL import Image

base = Image.open("scan.png").convert("L")
patch = Image.open("patch1.png").convert("L")
mask = Image.open("mask1.png").convert("L")

base.paste(patch, (1120, 640), mask)
base.save("step1.png")
```

1120, 640 எண்டது சதுரத்தின் இடது மேல் மூலை முழுப் படத்தில் எங்கே இருக்கிறது எண்டு. மாஸ்க்கும் 768 சதுரம்தான், வெள்ளையாய் இருக்கிற இடத்தில் மட்டும் புதுத் துண்டு போகும். அடுத்த பழுதுக்கு `step1.png` இலிருந்து வெட்ட வேண்டும். இடையில் எங்கேயும் ஜேபெக்காய்ச் சேமிக்காதீங்கோ, அது தன் பங்குக்கு இன்னொரு இழப்பைச் சேர்க்கும்.

768 ஐ எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது 8ஆல் மிச்சமில்லாமல் வகுபடும். 2100 வகுபடாது, 4 மிஞ்சும். அந்த அகலத்தில் முழுப் படத்தையும் கொடுத்தால் ComfyUI இரண்டு பக்கமும் 2 பிக்சல் வெட்டி 2096 ஆக்கிவிடும். பிறகு மூலத்தின் மேல் ஒட்டும்போது எல்லாம் 2 பிக்சல் தள்ளி நிற்கும். ஒட்டின ஓரத்தில் கோடுகள் முறிந்து தெரிந்தால் முதலில் இதைத்தான் பாருங்கோ.

இப்படி ஒட்டுவதில் ஒரு புதுப் பிரச்சினை வரும். முன்பு படம் முழுக்க ஒரே மாதிரி மாறினதால் ஓரம் தெரியவில்லை. இப்போது மூலம் அப்படியே இருப்பதால், புதுத் துண்டு ஒரு நூல் வெளிச்சமாய் இருந்தாலும் துணியில் ஒட்டுப் போட்ட மாதிரித் தெரியும். இரண்டு வேலை செய்தோம். மாஸ்க்கைப் பழுதை விடப் பத்துப் பதினைந்து பிக்சல் பெரிதாக்கி, அதன் ஓரத்தை மங்கலாக்கினோம். அப்போது புதியதும் பழையதும் படிப்படியாய்க் கலக்கும். அதுவும் காணாத இடத்தில் வெளிச்சத்தைச் சரிப்படுத்தினோம். மாஸ்க்குக்குச் சற்று வெளியே உள்ள வளையத்தை மொடல் தந்த சதுரத்திலும் மூலத்திலும் அளந்து பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மொடல் சாய்த்த அளவு. திரைப் பகுதியில் அது 256இல் 4 படி. துண்டு முழுவதையும் 4 படி இருட்டாக்கி ஒட்டினோம், ஓரம் மறைந்துவிட்டது.

ஏற்கனவே ஒட்டின துண்டின் மேல் இரண்டாவது மாஸ்க் ஏறினால் அந்த இடம் இரண்டு தரம் ஊகத்துக்குள் போய்வரும். சேலை மடிப்பில் எங்களுக்கு அப்படி ஒரு இடம் வந்தது. அதில் இரண்டு பழுதையும் சேர்த்து ஒரே பெரிய மாஸ்க்காக்கி, மூல ஸ்கானிலிருந்து அந்தச் சதுரத்தைத் திரும்ப ஓட்டினோம். துண்டுகளும் மாஸ்க்குகளும் தனித்தனிப் பைலாய் இருந்ததால் மற்ற இடங்களைத் தொட வேண்டி வரவில்லை.

முடிவில் அதே `Difference` சோதனை. ஒட்டின இடங்கள் மட்டும் தீவு தீவாய் வெளிச்சமாய் இருந்தன. மற்றதெல்லாம் கறுப்பு, `Levels` ஐ எவ்வளவு கூட்டினாலும் கறுப்பு. முகம் முழுக்கக் கறுப்பு. அதாவது முகத்தில் ஒரு பிக்சலும் மாறவில்லை, மச்சம் தன்ர இடத்திலேயே இருந்தது.

இந்த முறை காப்பாற்றுவது மாஸ்க்குக்கு வெளியே உள்ளதை மட்டும்தான். உள்ளே இருப்பது ஒரே ஒரு தரம் ஊகித்ததெண்டாலும் ஊகம்தான். அம்மம்மாவின் சேலைக் கரையில் கிழிந்துபோன இடத்தில் உண்மையில் என்ன வேலைப்பாடு இருந்தது எண்டு மொடலுக்குத் தெரியாது. ஆகவே சிநேகிதியின் அம்மாவுக்குப் படத்தோடு மூல ஸ்கானையும் எல்லா மாஸ்க்கையும் ஒரே கோப்புறையில் போட்டுக் கொடுத்தோம். இருபது வருடம் கழித்து யாராவது பார்த்தால், எது ஸ்ரூடியோக்காரர் எடுத்தது, எது நாங்கள் நிரப்பினது எண்டு அவையளுக்குப் பிரித்துப் பார்க்க முடியும்.