கிழமைக்கு உரியவர் யார்?

என் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதிக்குரிய நாள் சனிக்கிழமை. என் தாயாரோ, "நீ வெள்ளிக்கிழமை பிறந்த பிள்ளை" என்று இறுதிவரை சொல்லி வந்தார். பத்திரிகைத் தொழிலில் தேதிகளோடு மல்லாடிப் பழகிய நான், நாட்காட்டியைக் காட்டி அவரைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். பிழை யாருடையது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கிழமை என்ற சொல்லுக்குத் தமிழில் உரிமை என்பது பொருள். ஆறாம் வேற்றுமையை இலக்கணிகள் கிழமைப் பொருள் என்பதும் இதனாலேயே. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறு என்ற கோளுக்கு உரிய நாள். வடமொழியில் இதற்கு வாரம் என்பர். முறை, தவணை என்பது அதன் பொருள். இது ஒவ்வொருவருக்கும் முறை வருவதைக் குறிக்கிறது. தமிழ்ச்சொல் நாளின் உடைமையாளரையே குறிக்கிறது.

பெயர்களைப் பாருங்கள். ஞாயிறும் திங்களும் பழந்தமிழ். செவ்வாய் செந்நிறத்தால் வந்த பெயர். வடமொழியில் அங்காரகன், அதாவது தணல். வெள்ளி வெண்ணிற ஒளியால் பெற்ற பெயர். சுக்கிரன் என்பதற்கும் ஒளிமிக்கது, வெண்மையானது என்றே பொருள். இரு மொழியாரும் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே நிறத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வியாழனை வடமொழியார் பிரகஸ்பதி, குரு என்பர். புதன், சனி ஆகிய இரண்டும் வடசொற்கள். புதன் அறிவுடையவன், தமிழில் அறிவன் என்றொரு பெயரும் உண்டு, இன்று வழக்கில் இல்லை. சனி என்பது சனைச்சரன் என்பதன் குறுக்கம். மெல்ல நடப்பவன் என்று பொருள். நாம் குறுக்கிவிட்டதைச் சிங்கள மொழி விடாமல் வைத்திருக்கிறது: சனிக்கிழமையை அவர்கள் செனசுராதா என்கிறார்கள். பழைய தமிழில் சனிக்குப் பெயர் மைம்மீன், கரிய விண்மீன்.

மெல்ல நடப்பவன் என்ற இப்பெயரில்தான் கிழமை வரிசையின் திறவுகோல் இருக்கிறது. வானத்தைச் சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள், வியாழனுக்கு 12, செவ்வாய்க்கு 2க்குச் சற்றுக் குறைவு, ஞாயிற்றுக்கு 1. அதன் பின் வெள்ளி, புதன் என்று பழங்கணிதர் வரிசைப்படுத்தினர். திங்கள் எல்லாரினும் விரைவு. இந்த வரிசையில் கிழமைகள் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான்.

ஒரு நாளை 24 ஓரைகளாகப் பிரித்து, இவ்வரிசைப்படி ஒவ்வோர் ஓரையையும் ஒரு கோளுக்குக் கொடுத்தார்கள். முதல் ஓரை யாருக்கோ, நாளும் அவருக்கே. ஞாயிறன்று காலை 6 மணிக்குச் சூரியன் உதிப்பதாகக் கொள்வோம். 6 முதல் 7 வரை ஞாயிறு, பின்னர் வெள்ளி, புதன், திங்கள், சனி, வியாழன், செவ்வாய். பிற்பகல் 1 மணிக்கு மீண்டும் ஞாயிறு. இரவு 8 மணிக்கும், விடியப்புறம் 3 மணிக்கும் அவரே. 4 மணிக்கு வெள்ளி, 5 மணிக்குப் புதன். 24 ஓரைகளும் முடிந்துவிட்டன. மறுநாள் 6 மணிக்கு வரிசையில் நிற்பவர் திங்கள்! இப்படியே திங்களிலிருந்து எண்ணினால் செவ்வாய் வரும். 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் நான்காமவருக்கு நாள் போய்ச் சேருகிறது. ஆரியபடரும் தமது நூலில் இந்த நான்காமவர் விதியைக் கூறுகிறார்.

ஓரை என்பது கிரேக்கச் சொல். பழைய வேதாங்க சோதிடத்தில் கிழமைகள் இல்லை. கிழமை குறிக்கப்பட்ட மிகப் பழைய இந்தியக் கல்வெட்டாகக் கருதப்படுவது மத்திய இந்தியாவின் ஏரண் ஊரிலுள்ளது, கி.பி. 484, வியாழக்கிழமை. திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்திலோ ஏழு கோள்களும் கிழமை வரிசையிலேயே வந்துவிடுகின்றன. இராகுவும் கேதுவும் அங்கே இரு பாம்புகள். அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே. கண்ணுக்குத் தெரியும் ஒளிகள் அல்ல. ஓரை வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. எனவே நாளும் இல்லை. இராகு காலம் என்று நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பிற்காலத்தார் ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்தனர்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, நள்ளிரவில் அல்ல. பஞ்சாங்கமும் அப்படியே கொள்கிறது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பிறந்த பிள்ளைக்கு, பதிவேட்டில் ஒரு கிழமையும் சாதகத்தில் அதற்கு முந்திய கிழமையும் இருக்கும்.

தாயார் மறைந்த பின் அவருடைய பெட்டியில் என் சாதக ஓலை கிடைத்தது. பிறந்த நேரத்தை மணியாக்கிப் பார்த்தேன்: விடியப்புறம் 3 மணி 20 நிமிடம்.