காலாவதியான அவசரச் சட்டமும் காத்திருந்த மசோதாவும்

"சட்டசபையில நிறைவேத்தியாச்சுங்களே, அப்புறம் அது சட்டந்தானுங்களே?" என்று அன்னூரில் படித்தவர்களே என்னிடம் வாதிடும்போது, மசோதா எழுதுவதிலேயே உத்தியோக காலம் முழுவதையும் கழித்த எனக்கு மனவருத்தமே மிஞ்சுகிறது. இலாகாவின் பிரேரணை சட்டத்துறையில் ஷரத்து ஷரத்தாக உருப்பெற்று, மந்திரிசபையின் இசைவோடு சபைக்கு வந்து, இரண்டாவது ஷரத்து முதலாக வாக்குக்கு விடப்பட்டு, சட்டத்தின் பெயரைச் சொல்லும் முதல் ஷரத்து இறுதியிலேயே ஏற்கப்பட்டு நிறைவேறினாலும், கவர்னரின் ஒப்புதல் கிடைக்கும்வரை அது வெறும் மசோதாதான்.

அவசரச் சட்டத்துக்கு இந்த யாத்திரை இல்லை. சபை கூடியிராத சமயத்தில், காத்திருக்க முடியாத காரியம் நேர்ந்தால், மந்திரிசபையின் ஆலோசனைப்படி கவர்னர் அதைப் பிறப்பிக்கலாம். ஆனால் சபை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் அது காலாவதியாகிவிடும் என்று அரசியல் சட்டத்தின் 213-ஆவது பிரிவு விதித்திருக்கிறது.

ஆன்லைன் சூதாட்டத் தடைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி கவர்னர் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 17-ஆம் தேதி சபை கூடியது. 19-ஆம் தேதி மசோதா நிறைவேறியது. மசோதாவை நிறைவேற்றுவதற்காகக் கூடிய அந்தக் கூட்டமே அவசரச் சட்டத்தின் ஆறு வாரக் கெடுவையும் தொடங்கி வைத்தது. நவம்பர் 27-ஆம் தேதியோடு அவசரச் சட்டம் மறைந்தபோதும் மசோதா ராஜபவனிலேயே இருந்தது. 2023 மார்ச்சில் அது திருப்பியனுப்பப்பட, அம்மாதம் 23-ஆம் தேதி சபை மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. குற்றம் நிகழ்ந்த நாளில் அமுலில் இருந்த சட்டத்தைக்கொண்டே ஒருவனைத் தண்டிக்கலாமாதலால், இடைப்பட்ட நான்கு மாதத்துக்கு மேற்பட்ட காலத்து ஆட்டங்களைப் புதிய சட்டத்தின் தண்டனை எட்டாது.

இத்தகைய மசோதாவில் கடினமான இடம் கடைசி ஷரத்துதான். "அவசரச் சட்டம் இதனால் நீக்கப்படுகிறது, அதன்கீழ்ச் செய்தவை இச்சட்டத்தின்கீழ்ச் செய்தவையாகக் கருதப்படும்" என்ற வாசகத்தை இளைஞர்கள் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். எனக்குத் தொழில் கற்பித்த மூத்த அதிகாரியோ, அந்த வாசகத்தைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒப்புதல் வருகிற அன்றைக்கு அவசரச் சட்டம் உயிரோடிருக்குமா?" என்று கேட்பார், காலண்டரில் ஆறு வாரத்தை எண்ணிக் காட்டினால்தான் கோப்பில் கையொப்பமிடுவார். நீக்கப்பட்ட சட்டத்தின்கீழ்த் தொடுத்த வழக்குகளைப் பொது ஷரத்துகள் சட்டம் காப்பாற்றும். தானே காலாவதியானதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே காலாவதியாகும் சாத்தியத்தையும் முன்கூட்டியே எண்ணி, அதற்கும் சேர்த்து அந்த ஷரத்தை அமைக்க வேண்டும். இந்த எண்ணிப்பார்த்தல் இன்று அருகிவருவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சட்டம் கையில் கிடைத்தால், வாசகர்கள் அதன் பெயரோடு நின்றுவிடாமல், ஒப்புதல் பெற்ற தேதியையும் அமுலுக்கு வந்த தேதியையும் கெஜட்டில் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.