கஞ்சித் தெளிவு: பேத்திக்கு எழுதும் நாட்குறிப்பு

வைகாசி 4, வெள்ளிக்கிழமை

எடின்பரோவிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. வைத்தியக் கல்லூரியில் காலராவைப் பற்றிப் பாடம் கேட்ட அன்றைக்கே உனக்கு நம் குடும்பத்துப் பழங்கதை ஞாபகம் வந்ததாகவும், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் யாருக்கோ அந்த நோய் கண்டு பிழைத்ததாக உன் அம்மா சொல்லக் கேட்டிருப்பதாகவும், அவர் யார், என்ன வைத்தியத்தால் பிழைத்தார் என்றும் கேட்டிருக்கிறாய். அது என் தம்பி. உனக்குத் தாத்தா முறை. ஒரே நாளில் உட்கார்ந்து எழுதக் கை இடங்கொடுப்பதில்லை. ஆதலால் இந்த ஏட்டில் நாள்தோறும் கொஞ்சம் எழுதி, முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அனுப்புகிறேன்.

என் தகப்பனார் இரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. 1931ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் அந்த நகரத்து மக்களில் பாதிக்குமேல் இந்தியராக இருந்தார்கள் என்றால், தமிழ் பேசிக்கொண்டே அங்கே ஒருவன் பிறந்து வளர்ந்து ஜீவனம் செய்துவிடலாம் என்பது உனக்கு விளங்கும். 1941 டிசம்பர் 23ஆம் தேதி பகலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. விமானங்களைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த ஜனங்கள்தாம் அதிகம் மாண்டார்கள். கிறிஸ்துமஸ் தினத்தன்று மறுபடியும் வந்தன. அதற்குப் பிறகு கப்பலில் இடம் கிடைப்பது செல்வாக்குள்ளவர்களுக்கே சாத்தியமாயிற்று. எங்களுக்குக் கால்நடைதான்.

வைகாசி 5, சனிக்கிழமை

இரங்கூனிலிருந்து மாந்தளை வரை ரயில், அங்கிருந்து மொனீவா, பிறகு சின்ட்வின் நதியில் படகேறிக் கலேவா. அதற்கப்பால் கபோ பள்ளத்தாக்கு வழியாகத் தாமு வரையிலும், தாமுவிலிருந்து மலையேறி மணிப்பூரிலுள்ள பலேல் வரையிலும் நடக்க வேண்டும். பலேலிலிருந்து லாரியில் இம்பால். இம்பாலிலிருந்து திமாப்பூர் ரயிலடி. நீ தேசப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்தாயானால் அரை சாண் தூரந்தான் தெரியும். அந்த வழிகளில் 1942ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கான இந்தியர் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தார்கள்.

பசியால் இறந்தவர்களைவிட ஜலத்தால் இறந்தவர்களே மிகுதி என்று என் தகப்பனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாசி மாதத்து வறட்சியில் ஓடைகள் குட்டைகளாகச் சுருங்கியிருந்தன. முன்னே போன கூட்டம் எந்தக் குட்டையருகில் தங்கிக் குளித்து மலஜலம் கழித்ததோ, அதே குட்டையில்தான் பின்னே வந்த கூட்டம் குடித்தது. என் தாயார், உன் கொள்ளுப்பாட்டி, ஈயம் பூசிய பித்தளைத் தூக்கு ஒன்றையும், முந்தானையில் முடிந்த அரிசியையும் உப்பையும் தவிர வேறு எதையும் பெரிதாக நினைக்கவில்லை. நகைகளைக்கூட அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தூக்கை மட்டும் தாமே சுமந்தார்கள். கொதிக்காத நீரை எங்களைக் குடிக்க விட்டதே இல்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையை எத்தனை நேரம் கண்காணிப்பது? தாமுவுக்கு வந்து சேர்வதற்குள் தம்பி எங்கேயோ குடித்துவிட்டான்.

வைகாசி 7, திங்கட்கிழமை

நேற்று எழுதவில்லை. இந்தப் பகுதியை நினைக்கத் தொடங்கினால் மனம் மிகவும் கலங்குகிறது. ஆனாலும் நீ வைத்தியம் படிக்கிறவள். உனக்கு முழுமையாகச் சொல்ல வேண்டும்.

தாமு முகாமில் விடியற்காலையில் அவனுக்குப் பேதி கண்டது. வயிற்று வலியில்லை, ஜுரமில்லை, அரிசி களைந்த நீரைப்போல் போய்க்கொண்டே இருந்தது. பொழுது ஏறுவதற்குள் கண்கள் குழிந்துவிட்டன. அழுதான், கண்ணீர் வரவில்லை. கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. அம்மா அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டபோது அந்த மடிப்பு அப்படியே நின்றது. அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடி, வாந்திபேதிக்காரனுக்கு ஒரு சொட்டு ஜலம் கொடுக்கலாகாது, கொடுத்தால் பேதி இன்னும் பெருகும் என்று தடுத்தார்கள். கெட்ட எண்ணத்தால் அல்ல. அக்காலத்தில் அதுவே சர்வசாதாரணமான நம்பிக்கை. எங்களுக்கு அடுத்தாற்போல் படுத்திருந்த கிழவர் ஒருவர் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே, அன்புமிக்க தம் மக்கள் மடியிலேயே, அவர்கள் கொடுக்க மறுத்த தண்ணீருக்காகத் தவித்து இறந்தார். அந்த மக்களின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அம்மா யார் சொல்லையும் கேட்கவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்கள். சிறுவயதில் ஊரில் இந்த நோய் வந்தபோது மருத்துவச்சியான தம் அத்தை செய்ததைக் கண்டிருந்தார்கள். ஒரு பிடி அரிசியை நிறைய நீரில் குழையக் குழைய வேகவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, உப்பிட்டு, தம் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணீரைவிடக் கரித்தால் இன்னும் வெந்நீர் சேர்ப்பார்கள். பிறகு கரண்டியால் ஒவ்வொரு வாயாக ஊட்டினார்கள். தம்பி வாந்தியெடுத்தால் சற்று நேரம் பொறுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். 'போனதை எண்ணிப் பார்த்து அவ்வளவும் திரும்பக் கொடுக்கணும்' என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்கள். நான் சுள்ளி பொறுக்கி அடுப்பை அணையாமல் காத்தேன். பகலும் இரவும் அப்படியே கழிந்தன. மறுநாள் காலையில் அவன் சிறுநீர் கழித்தான். அதைக் கண்டுதான் அம்மா முதன்முறையாக அழுதார்கள்.

வைகாசி 9, புதன்கிழமை

உன் கடிதத்தை இன்று மறுபடியும் படித்தேன். சர்க்கரை கூடவே இருந்தால்தான் குடல் உப்பை நன்றாக ஏற்றுக்கொள்கிறது, உப்பின் பின்னால் நீர் தானே உடம்பில் சேர்கிறது, காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை என்று நீ விளக்கியிருக்கிறாய். வெந்த அரிசி குடலில் சர்க்கரையாக மாறுவதால் அம்மாவின் கஞ்சித் தெளிவும் அதே காரியத்தைச் செய்தது என்று நீ எழுதிய வரியை உன் தாத்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் வங்காளத்தின் எல்லையில் போன்காவில் குவிந்தபோது, நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் செய்தார் என்றும், நூற்றுக்கு முப்பது பேர் மடிந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவாக மடிந்தார்கள் என்றும் நீ எழுதியிருக்கிறாய். அவரும் அகதி முகாமில்தான் அதைச் செய்தார், ஊட்டியவர்களும் தாய்மார்தாம். தாமுவில் எங்களைச் சுற்றியிருந்த தாய்மாருக்கு இந்த ஒரு செய்தியை யாராவது சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் திமாப்பூரில் ரயில் ஏறியிருக்கும் என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும்: நினைவு தப்பி, விழுங்கச் சக்தியற்று, நாடி தளர்ந்தவருக்குக் கஞ்சித் தெளிவு உதவாது. முகாமில் அத்தகையவர்களுக்கும் அம்மா ஊட்ட முயன்றார்கள், அது புரையேறிற்று. உன் கையிலுள்ள ஊசி அவர்களுக்கானது. ஊசி வேண்டியவர் யார், கரண்டி போதுமானவர் யார் என்று பிரித்தறிவதை நீ நன்றாகக் கற்றுக்கொள், கண்ணே.

உன் தாத்தா, அதாவது அந்த நாலு வயதுப் பிள்ளை, இப்போது திண்ணையில் உட்கார்ந்து, உனக்குப் பரீட்சை எந்த மாதம், எத்தனை பாடம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த கடிதத்தில் அவருக்கென்று தனியாக எழுது. குளிரில் கம்பளியில்லாமல் வெளியே போகாதே. புழுங்கலரிசி அங்கே கிடைக்கிறதென்று உன் அம்மா சொன்னாள். வாரத்தில் ஒருநாளாவது கஞ்சி வைத்துக் குடி. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயை இந்த வாரமே தபாலில் சேர்க்கிறேன்.