பாட்டியின் சளியில் இருந்தது எந்தக் கிருமி? 11 மில்லிமீட்டர் கிளப்பிய சந்தேகம்!

பாட்டிக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சளியைக் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு, ஆன்டிபயாடிக்கும் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் வரவேண்டிய ரிப்போர்ட் மதியம்வரை வரவில்லை. லேபில் போய் விசாரித்தேன். "ஆப்டோசின்ல 11 மில்லிமீட்டர்தான் வந்திருக்கு. பைல் டெஸ்ட் போட்டிருக்கோம், சாயங்காலம் வாங்க" என்றார் மைக்ரோபயாலஜி டாக்டர். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விளக்கும்படி கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

சளியை ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் தடவி, ஒரு நாள் 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் அதில் வளர்ந்தால், அதைச் சுற்றி ரத்தம் பச்சை கலந்த நிறமாக மாறும். சிக்கல் என்னவென்றால், நம் எல்லோருடைய வாயிலும் சாதுவாகக் குடியிருக்கும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளும் அதே பச்சையைத்தான் காட்டும். சளி வாய் வழியாகத்தானே வருகிறது? அதனால் தட்டில் பச்சையைப் பார்த்ததும் 'நிமோகாக்கஸ்' என்று எழுதினால், வாயில் இருந்த அப்பாவியின் மேல் பழி விழலாம். 'வாயில் வழக்கமாக இருப்பதுதான்' என்று விட்டுவிட்டால், உண்மையான குற்றவாளி தப்பிவிடலாம்.

இந்த இரட்டையரைப் பிரிக்க முதலில் வைப்பது ஆப்டோசின் வில்லை. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன காகித வட்டம். அதில் 5 மைக்ரோகிராம் ஆப்டோசின் இருக்கும். சந்தேகக் கிருமியை மட்டும் புதிய ரத்தத் தட்டில் பரப்பி, நடுவில் வில்லையை வைத்து, 5 சதவிகிதம் கார்பன் டைஆக்சைடு உள்ள பெட்டியில் இரவு முழுக்க விடுவார்கள். நிமோகாக்கஸின் ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான ஒரு நொதியை ஆப்டோசின் முடக்கிவிடும். அதனால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தெரியும். வில்லையையும் சேர்த்து அந்த வட்டம் 14 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நிமோகாக்கஸ். வட்டமே இல்லையென்றால் பெரும்பாலும் விரிடன்ஸ்.

இதில் காற்றும் முக்கியம். கார்பன் டைஆக்சைடு இல்லாமல் வெறும் காற்றில் வைத்தால் வட்டம் பெரிதாகிவிடும். விரிடன்ஸ்கூட நிமோகாக்கஸ் மாதிரி வேஷம் போடும்.

பாட்டியின் கிருமிக்கு வந்த 11, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த நொதியில் சின்ன மாற்றம் ஏற்பட்ட நிமோகாக்கஸுக்கும் வட்டம் சுருங்கும். சில விரிடன்ஸ் கிருமிகளும் சிறிய வட்டம் காட்டும். 7 முதல் 13 வரை வந்தால் ஆப்டோசினை மட்டும் நம்பக் கூடாது. பைல் டெஸ்ட், அதாவது பித்த உப்புச் சோதனை செய்தே ஆகவேண்டும்.

இந்தச் சோதனை கேட்கும் கேள்வியே வேறு. நிமோகாக்கஸின் உடம்புக்குள் தன் சுவரைத் தானே கரைக்கும் ஒரு நொதி உண்டு. பித்த உப்பு பட்டதும் அது விழித்துக்கொள்ளும். கிருமி தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். விரிடன்ஸ் கரையாது.

லேபில் அதை நேரிலேயே காட்டினார். உப்புநீரில் கிருமியைக் கலக்கிய இரண்டு குழாய்கள். இரண்டும் ஒரே மாதிரி கலங்கலாக இருந்தனவாம். ஒன்றில் பித்த உப்பான சோடியம் டிஆக்ஸிகோலேட்டின் 2 சதவிகிதக் கரைசலைச் சம அளவு ஊற்றியிருந்தார். இன்னொன்றில் வெறும் உப்புநீர். 37 டிகிரியில் 2 மணி நேரம்வரை பார்க்கலாம். நான் பார்த்தபோது முதல் குழாய் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. இரண்டாவது அப்படியே கலங்கல். "அந்த ரெண்டாவது குழாய் இல்லைன்னா, முதல் குழாய்க்கு மதிப்பே இல்லை" என்றார். கலங்கல் தானாகத் தெளிந்ததா, பித்த உப்பால் தெளிந்ததா என்று அதுதான் சொல்லும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கிருமியைக் கலக்கிய நீர் அமிலமாக இருந்தால், பித்த உப்பே திரிந்து தயிர் போலக் கட்டிக்கொள்ளும். அப்போது கரையவேண்டிய கிருமியும் கரையாதது போலத் தோன்றும்.

ஆக, பாட்டிக்கு வந்தது நிமோகாக்கஸ்தான். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற சோதனையில் பென்சிலினுக்கு அடங்கும் என்று தெரிந்ததும், இரண்டு ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு பென்சிலின் வகை ஒன்றை மட்டும் தொடர்ந்தார்கள்.

இந்த இரண்டு சோதனைகளும் சொல்வது கிருமியின் பெயரை மட்டும்தான். நோய் இல்லாதவர்களின், குறிப்பாகக் குழந்தைகளின், மூக்கு, தொண்டையிலும் நிமோகாக்கஸ் சும்மா தங்கியிருக்கும். சளியில் அது இருப்பதாலேயே நிமோனியா என்று ஆகிவிடாது. காய்ச்சல், மூச்சுத்திணறல், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். அதே கிருமி ரத்தத்தில் வளர்ந்தால் மட்டும் கதையே வேறு. அங்கே அது சும்மா தங்கியிருக்க வழியே இல்லை.