படத்தில் ஒளிரும் கடை

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டியவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜிப்மர் மருத்துவமனை, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டம், கையில் ரிப்போர்ட் கவரோடு நடக்கும் உறவினர்கள், வரிசையாக நிற்கும் டூவீலர்கள். இப்படிப்பட்ட தெருவில் பத்தடி அகலத்தில் ஒரு மருந்துக் கடை போடுவதற்கு ஒருவர் சேமிப்பையெல்லாம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கடைதான், ஆனால் அளவுகள் எல்லாம் எந்தச் சின்னக் கடைக்கும் பொருந்தக்கூடியவை.

கடையைக் கட்டும் முன்பு டிசைனர் ஒரு த்ரீ-டி படம் காட்டுகிறார். இதைத்தான் ரெண்டர் என்கிறார்கள். அந்தி நேரம், நீல வானம், மஞ்சள் விளக்கில் மின்னும் கண்ணாடி அலமாரி, மேலே அழகான கோடு போட்ட துணிப் பந்தல், மூன்றடி உயரப் பெயர்ப் பலகை. பார்த்தவுடன் மனம் "சரி" என்று சொல்லிவிடும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. படத்தில் இருப்பதை விட, படத்தில் இல்லாதவைதான் கடைக்காரரின் பணத்தைத் தின்னும்.

முதலில் ஷட்டரைப் பார்ப்போம். பல ரெண்டர்களில் ஷட்டரே இருக்காது, கடை எப்போதும் திறந்தே இருக்கும். நிஜத்தில் எட்டடி உயர ஷட்டரை மேலே தூக்கினால் அது எங்காவது சுருண்டு உட்கார வேண்டும். அந்தச் சுருளும் அதை மூடும் தகரப் பெட்டியும் சேர்ந்து சுமார் ஒன்றேகால் அடி உயரம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஷட்டர் ஓடுவதற்கான கைடு சேனல் பக்கத்துக்கு மூன்று அங்குலம் போகும். ஆக, பத்தடி வாசல் ஒன்பதரை அடியாகிவிடும்.

இப்போது கணக்குப் போடுவோம். வாசலின் மேல் விளிம்பு எட்டடியில், அதற்கு மேல் மாடித் தளம் வரை மூன்றடி சுவர். ரெண்டரில் அந்த மூன்றடியும் பெயர்ப் பலகை. ஷட்டர் சுருள் கடைக்கு வெளியே என்றால் ஒன்றேகால் அடி அதற்குப் போனது. பந்தலைச் சுவரில் பிடிக்கும் இரும்புக்கு இன்னும் அரை அடி. மிச்சம் பலகைக்கு ஒன்றேகால் அடிதான். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கும்படி இருந்த எழுத்து பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. சுருளைக் கடைக்கு உள்ளே வைத்தால் பலகை தப்பும், ஆனால் உள்ளே முன்பக்க மேல் அலமாரியும் அங்கே வரும் விளக்கும் போகும். இரண்டில் எது என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். படத்தில் ஷட்டர் பெட்டியும் ஓரத்துக் கைடும் தெரியவில்லை என்றால், அந்த முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது பந்தல். கடை மேற்குப் பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். பந்தல் சுவரிலிருந்து மூன்றடி நீண்டு, சரிந்து, அதன் முன் விளிம்பு தரையிலிருந்து எட்டரை அடி உயரத்தில் நிற்கிறது. மார்ச் மாதக் கடைசியில் புதுச்சேரியில் பிற்பகல் சுமார் மூன்றேகால் மணிக்கு, வெயில் மூன்றடி முன்னால் வந்தால் ஏறக்குறைய மூன்றடி கீழே இறங்கும் கோணத்தில் இருக்கும். அப்படியானால் நிழல் சுவரில் ஐந்தரை அடி உயரம் வரைதான் வருகிறது. அதற்குக் கீழே முழு வெயில். நாலேகாலுக்குச் சூரியன் இன்னும் தாழ்ந்துவிடும், நிழல் ஆறேமுக்கால் அடியில் நின்றுவிடும். ஐந்தேகாலுக்கு ஏழேமுக்கால் அடியில். வாடிக்கையாளரின் முகம், கல்லா, முன் கண்ணாடி அலமாரி எல்லாம் வெயிலில்.

பந்தலை இன்னும் நீட்டலாமே என்று தோன்றும். ஆனால் நாலேகால் மணி வெயிலில் ஒவ்வோர் அடி நீட்டலுக்கும் அரை அடிக்குச் சற்று அதிகமாகத்தான் நிழல் கீழே இறங்கும். தெருவுக்கு மேலே நீளும் பந்தல் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்படவும் கூடும். மருந்துக் கடைக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பல மருந்துகளின் அட்டையில் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தினமும் மூன்று மணி நேரம் வெயில் வாங்கும் மாத்திரையை ஒரு நோயாளிதான் வாங்கிப் போகிறார்.

ஷட்டரையும் கண்ணாடியையும் இரண்டடி உள்ளே தள்ளினால் என்ன? அங்கேயும் ஒரு சிக்கல். சில்லறை மருந்து விற்பனை உரிமத்துக்குக் கடைப் பரப்பு குறைந்தது 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 108 சதுர அடி வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி, போதும். இரண்டடி போனால் 100 சதுர அடி, உரிமம் கிடைக்காது. ஆகவே நிஜமான தீர்வு ரொம்பச் சாதாரணமானது: பந்தலின் முன் விளிம்பிலிருந்து மாலையில் இறக்கிவிடும் ஒரு படுதா, கூடவே முன் கண்ணாடியில் மருந்துக்குப் பதில் சோப்பு, பேஸ்ட், காலி மாதிரி அட்டைப் பெட்டிகள். எந்த ரெண்டரிலும் படுதா வரைந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது அழகாக இருக்காது.

மூன்றாவது விளக்கு. அந்தி நேரப் படத்தில் அலமாரி விளக்கு தெருவை விடப் பிரகாசம். பகலில் அப்படியில்லை. நண்பகல் வெயிலில் தெருவில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். நல்ல விளக்குப் போட்ட கடைக்குள் ஐந்நூறு இருந்தால் பெரிய விஷயம். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் எட்டு சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் பகலில் கண்ணாடியில் தெரிவது மருந்து அல்ல, எதிரே நிற்கும் பஸ். டூவீலர்கள் முன்னால் நின்றால் மூன்றரை அடிக்குக் கீழே உள்ள அலமாரியும் அதற்குப் போட்ட விளக்கும் வீண்.

கேமரா நிற்கும் இடமும் ஏமாற்றும். 35 மி.மீ. லென்ஸில் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் பத்தடி அகலம்தான் தெரியும். 18 மி.மீ.க்கு மாற்றினால் அதே இடத்திலிருந்து இருபதடி தெரியும், தெருவே அகலமாகிவிடும். கம்ப்யூட்டர் கேமரா எதிர்க் கட்டிடத்தின் சுவருக்குள்ளே கூட நின்று படம் எடுக்கும். அந்த இடத்தில் எந்த வாடிக்கையாளரும் நிற்க மாட்டார்.

இவற்றைச் சரிபார்ப்பது கஷ்டமில்லை. ஸ்கெட்ச்அப்பில் Add Location மூலம் இடத்தைக் கொடுத்துவிட்டு Shadows பகுதியில் தேதியையும் நேரத்தையும் நகர்த்தினால் நிழல் தானாக நகரும். பிளெண்டரில் Sun Position ஆட்-ஆன் அதே வேலையைச் செய்கிறது. கேமராவை ஐந்தடி உயரத்தில், நடைபாதையில் வைக்க வேண்டும். கடைக்காரர் டிசைனரிடம் கேட்க வேண்டியது ஒரு படம் அல்ல, நான்கு: ஷட்டர் மூடிய காலை, பன்னிரண்டு மணி, மார்ச் மாத மாலை நாலரை, இரவு. நான்கிலும் முன்னால் இரண்டு டூவீலர் நிற்க வேண்டும்.

அந்த நான்கில் மூன்று அழகாக இருக்காது. இரவுப் படம் மட்டும் முதலில் காட்டியது போலவே இருக்கும். கடை வாடகை என்னவோ இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான்.