டவுன்லோட்ஸ் எங்கே போச்சு?

போன மாதம் கம்பைநல்லூரிலிருந்து அண்ணன் மகள் போன் பண்ணினாள். குரலில் அழுகை. “சித்தப்பா, லேப்டாப்புல எல்லாம் போச்சு. வருமானச் சான்று, மார்க் ஷீட் ஸ்கேன், ஒண்ணும் இல்ல. ஸ்காலர்ஷிப்புக்கு நாளைக்குக் கடைசி நாள்.” கடைக்காரர் ஒருவர் ‘ஃபார்மட் பண்ணி ரெக்கவரி போட்டுப் பார்க்கலாம்’ என்றாராம்.

“எதையும் தொடாதே. கடைசியா என்ன செஞ்சே?”

“தமிழ்ல மாத்தினேன்.”

விஷயம் புரிந்துவிட்டது. அவளுடையது லினக்ஸ். மொழியை மாற்றிவிட்டு மறுபடி உள்ளே நுழைந்தால், ‘வழக்கமான ஃபோல்டர்களின் பெயரையும் புது மொழிக்கு மாற்றவா?’ என்று ஒரு பெட்டி கேட்கும். ஆசையாக ‘மாற்று’ என்று அழுத்திவிடுகிறோம். ‘பழைய கோப்புகள் இடம் மாறாது’ என்று அதே பெட்டியில் ஒரு வரி இருக்கும். யார் படிக்கிறார்கள்?

நடப்பது பெயர் மாற்றம் இல்லை, புது வீடு. ‘பதிவிறக்கங்கள்’ என்று காலியாக ஒரு ஃபோல்டர் பிறக்கிறது. இடது ஓரத்துப் பட்டியல் இனி அதைத்தான் காட்டும். பழைய Downloads சாமான்களோடு அங்கேயே இருக்கிறது. வாசல் பலகையைத்தான் கழற்றிவிட்டார்கள். பழையது காலியாக இருந்தால் மட்டும் அதை நீக்கிவிடும்.

“ஓரத்துல பார்க்காதே. ஹோம் ஃபோல்டரைத் திற. இங்கிலீஷ் பேர்ல ஏதாவது இருக்கா?”

இரண்டு நொடி மௌனம். “Documents இருக்கு... Downloads இருக்கு... ஐயோ, எல்லாம் இருக்கு சித்தப்பா!”

உள்ளே இருந்தவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் புது ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாள். அன்று ராத்திரியே விண்ணப்பம் போய்விட்டது.

தமிழ்ப் பெயரே வேண்டாம், பழையபடி இருக்கட்டும் என்பவர்கள் டெர்மினலில் இதை அடிக்கலாம்:

```
LC_ALL=C xdg-user-dirs-update --force
```

அடுத்த முறை அந்தப் பெட்டி மறுபடி கேட்டால் ‘பழைய பெயரே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுங்கள். இதுவும் கோப்புகளை நகர்த்தாது. இடைப்பட்ட நாளில் தமிழ் ஃபோல்டரில் சேர்ந்ததை நீங்கள்தான் திருப்பி எடுத்து வரவேண்டும்.

விண்டோஸ்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மாறுவது முகமூடி மட்டும். திரையில் தமிழ்ப் பெயர் தெரிந்தாலும் உள்ளே Downloads அதேதான். மேலே முகவரிப் பட்டையில் க்ளிக் செய்தால் C:\Users\ என்று ஆரம்பித்து நிஜப் பெயர் தெரிந்துவிடும். கோப்பு எங்கேயும் போகவில்லை. நாம்தான் ஆங்கிலப் பெயரைத் தேடிக்கொண்டிருப்போம்.

எனவே, மொழி மாற்றியதும் கோப்பைக் காணோம் என்றால் கடைக்கு ஓடாதீர்கள். ஃபார்மட்டுக்கு நிச்சயம் சம்மதிக்காதீர்கள். இருப்பதையும் அழிப்பது அதுதான். முதலில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, ஒரே அர்த்தத்தில் இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணன் மகள் இன்னும் தமிழில்தான் வைத்திருக்கிறாள்.